ஆணுறை போடும் அந்த அரை நிமிடம்: விறைப்பு இறங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். சரி, ஆணுறை எங்கே என்று கை தேடும். பாக்கெட் கிடைக்கும், ஆனால் கிழியாது. விரலில் இருக்கும் வியர்வைக்கும் ஈரத்துக்கும் அது வழுக்கிக்கொண்டே இருக்கும். பல்லால் கடித்துவிடலாமா என்று ஒரு யோசனை ஓடும். ஒருவழியாகக் கிழித்தால், எந்தப் பக்கம் உருளும் என்று இருட்டில் தெரியாது. ஒரு பக்கம் வைத்துப் பார்ப்பீர்கள், உருளாது. திருப்பி வைக்கப் போகும்போது கீழே பாதி விறைப்புதான் மிச்சம் இருக்கும். அதைக் கண்டதும் மீதிப் பாதியும் போய்விடும்.

எனக்கு இது வரிசையாக நான்கு முறை நடந்தது. ஐந்தாவது முறை பாக்கெட்டைத் தொடும்போதே இறங்கிவிட்டது. கிழிக்கும் சத்தம் கேட்டாலே உடம்பு முடிவெடுத்துவிடும் நிலைக்கு வந்திருந்தேன். எனக்கு ஏதோ நோய் என்றுதான் நினைத்தேன். காலையில் எழும்போது விறைப்பு வழக்கம்போல இருந்தது. தனியாக இருக்கும்போதும் ஒரு குறையும் இல்லை. ஆணுறை வந்தால் மட்டும்தான் சிக்கல். உங்களுக்கும் இதே கதை என்றால் மேலே படியுங்கள். தனியாக இருக்கும்போதும் விறைப்பு வருவதில்லை என்றால், அது வேறு விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஏன் இறங்குகிறது?

விறைப்பு என்பது ஆணுறுப்புக்குள் பிடித்து வைக்கப்பட்ட ரத்தம். தொடுதலாலும் கிளர்ச்சியான எண்ணங்களாலும் நரம்புகள் தூண்டப்படும்போது, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுவின் தசைகள் தளர்ந்து ரத்தத்தை உள்ளே விடுகின்றன. திசு உப்பி, ரத்தம் வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடுகிறது. தூண்டுதல் நின்றால் தசை மெல்ல இறுகும், ரத்தம் வெளியேறும். அதனால் அரை நிமிடம் யாரும் தொடாமல் விட்டாலே சற்றுத் தளர்வது இயல்பு. இது பழுதில்லை, எல்லா ஆண்களுக்கும் நடப்பதுதான்.

வினை அதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. லேசான தளர்ச்சியைக் கவனித்ததும் 'ஐயோ, போகுதே' என்று மனம் பதறும். பதற்றம் வந்தால் அட்ரினலின் ஏறும். அது அந்தத் தசைகளை உடனே இறுக்கிவிடும். மெல்ல இறங்க வேண்டியது மடமடவென்று இறங்கும். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இலேயே இதைப் பார்வையாளர் வேடம் என்று சொன்னார்கள். நாம் படுக்கையில் இருப்பதை விட்டுவிட்டு, ஓரமாக நின்று நம்மையே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

ஆக, நமக்கு இரண்டு வேலைகள். அந்த இடைவெளியைச் சுருக்க வேண்டும், இடைவெளியிலும் தொடுதல் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் மனோதிடத்துக்கு வேலை மிகக் குறைவு. நூலும் ஸ்கேலும்தான் முதலில் வேண்டும்.

அளவு எடுங்கள்

பெரும்பாலானவர்கள் தவிர்ப்பது இதைத்தான். ஆணுறை எல்லாம் ஒரே அளவு, இழுத்தால் நீளும் என்று ஒரு நம்பிக்கை. நீளும், உண்மைதான். ஆனால் இறுக்கமான உறையை இரண்டு கையாலும் மல்லுக்கட்டிக் கீழே தள்ள வேண்டியிருந்தால், நீங்கள் குறைக்கப் பார்க்கும் இடைவெளி அங்கேயே இரட்டிப்பாகிவிடும்.

முழு விறைப்பில் இருக்கும்போது, தண்டின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு நூலையோ மெல்லிய காகிதப் பட்டையையோ விடுங்கள். இறுக்க வேண்டாம், தோலைத் தொட்டால் போதும். சேரும் இடத்தில் குறி போட்டு ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். விறைப்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் இரண்டு மூன்று நாள் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதிகமாக இருந்தால் அடியில் சுருளாகவே நின்றுவிடும். சுற்றளவுதான் கணக்கு.

ஆணுறைப் பெட்டியில் அகலம் என்று மி.மீ.யில் ஓர் எண் இருக்கும். நாமினல் விட்த் என்பார்கள். உறையைத் தட்டையாக வைத்தால் வரும் அகலம் அது, அதாவது உறையின் சுற்றளவில் பாதி. உங்கள் சுற்றளவைப் பாதியாக்கி, அதிலிருந்து 4 முதல் 7 மி.மீ. வரை கழித்தால், முயன்று பார்க்க வேண்டிய அகலம் கிடைக்கும். கழிப்பது எதற்கு என்றால், கொஞ்சம் இழுபட்டு நின்றால்தான் உறை நழுவாது. இது தோராயக் கணக்குதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

என் கணக்கையே சொல்கிறேன். சுற்றளவு 12.8 செ.மீ., அதாவது 128 மி.மீ. பாதி 64. கழித்தால் 57 முதல் 60 வரை. நான் அதுவரை போட்டுக்கொண்டிருந்தது 52. கழற்றிய பிறகு அடியில் ரப்பர் பேண்ட் கட்டியது போல ஒரு சிவப்பு வளையம் இருக்கும். அது எல்லாருக்கும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 57 போட்டுப் பார்த்த அன்று ஒரே இழுப்பில் அடிவரை போய் நின்றது.

பெரும்பாலோருக்கு 52, 53 சரியாகவே இருக்கும். ஆண்களின் சராசரிச் சுற்றளவு 11.7 செ.மீ.யை ஒட்டி வருகிறது. அதைப் பாதியாக்கிக் கழித்தால் வருவதும் அந்த எண்தான். உறை பாதி வழியில் நின்றுபோவது, அழுத்தி வலிப்பது, நுனி மரத்துப்போவது, கழற்றியதும் வளையத் தடம் ஆகியவை இறுக்கத்தின் அடையாளம். மடிப்பு மடிப்பாகச் சேர்ந்துகொண்டு, நடுவில் மேலே ஏறிவருவது தொளதொளப்பின் அடையாளம். தொளதொளப்பானால் 49 அல்லது அதற்குக் கீழே பாருங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நழுவுகிற பெரிய உறை யாருக்கும் பயன்படாது.

பெட்டியை வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 'நீண்ட நேரம்', 'தாமதம்' என்று போட்டிருக்கும் சில வகைகளில் உள்பக்கம் பென்சோகைன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து தடவியிருக்கும். விந்து சீக்கிரம் வந்துவிடுகிறது என்பவர்களுக்காகச் செய்தது அது. விறைப்பு நிற்கவில்லை என்பவர் அதைப் போட்டால், இருக்கிற உணர்வும் போய்விடும்.

தனியாகப் பழகுங்கள்

கை வேலையைப் படுக்கையில், இன்னொருவர் முன்னால், பதற்றத்தோடு கற்றுக்கொள்ளப் பார்ப்பதுதான் நம் வழக்கம். அமெரிக்காவின் கின்சி நிறுவன ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். ஆண்களிடம் பல வகை ஆணுறைகளையும் லூப்ரிகன்ட்களையும் கொடுத்து, வீட்டில் தனியாகப் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். எனக்கும் கைகொடுத்தது இந்த வழிதான். இரண்டு வாரம், ஒரு டஜன் ஆணுறை போதும்.

முதல் இரண்டு மூன்று உறைகளைக் கிளர்ச்சி எதுவும் இல்லாமல், சும்மா உட்கார்ந்துகொண்டு பிரியுங்கள். உள்ளே இருக்கும் உறையை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்க ஓரத்திலிருந்து கிழியுங்கள். பல்லும் கத்தரிக்கோலும் வேண்டாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு திசையைக் கண்டுபிடியுங்கள். நுனிக் குமிழ் மேலே நிற்க, சுருள் வளையம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும், தலையில் வைத்த தொப்பியின் விளிம்பு போல. அப்படி இருந்தால் இரண்டு விரலை உள்ளே விட்டுக் கட்டைவிரலால் வளையத்தைத் தள்ளும்போது லேசாக உருளும். தலைகீழ் என்றால் வளையம் உள்பக்கமாக மாட்டிக்கொண்டு அசையாது. ஐந்தாறு முறை செய்தால் விரலுக்கே தெரிந்துவிடும். இருட்டில் செய்த பெரும் தடுமாற்றம் எனக்கு இதோடு தீர்ந்தது.

அடுத்து, சுய இன்பத்தின்போது போட்டுப் பழகுங்கள். முழு விறைப்பு வரும்வரை காத்திருங்கள். அரைகுறையில் போட முயன்றால் உறை மடங்கும், நேரம் போகும். போடுவதற்கு முன் நுனிக் குமிழுக்குள் லூப்ரிகன்ட் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். நீர் சார்ந்ததோ சிலிக்கான் சார்ந்ததோ எதுவானாலும் சரி. மொட்டின் மேல் ரப்பர் ஒட்டிக்கொண்டு நிற்காமல் வழுக்கும், உணர்வு கூடும். ஒரு சொட்டுக்கு மேல் போனால் உறையே கழன்றுவிடும். வெளிப்பக்கம் தாராளமாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் லேடெக்ஸ் உறையோடு சேரக் கூடாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் சில நிமிடங்களிலேயே பலம் இழக்கத் தொடங்கும்.

முன்தோல் இருப்பவர்கள் அதைப் பின்னால் தள்ளிவிட்டு, குமிழைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, உறையைப் பாதிவரை உருட்டுங்கள். பிறகு உருண்ட பகுதியைத் தோலோடு சேர்த்து மெல்ல நுனிப் பக்கம் நகர்த்திவிட்டு, மீதியை அடிவரை உருட்டுங்கள். இப்படிச் செய்தால் முன்தோல் உறைக்குள்ளேயே முன்னும் பின்னும் அசைய இடம் கிடைக்கும். 'காண்டம் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை' என்று புலம்புகிறவர்களில் பலர் தோலை இழுத்துக் கட்டிவிட்டது போலப் போட்டிருப்பார்கள்.

போட்ட பிறகு, உறையோடேயே கடைசிவரை முடியுங்கள். இதைத் தாண்டிவிடாதீர்கள். ரப்பர் வழியாக வரும் உணர்வும் இன்பம்தான் என்று உடம்பு பழக வேண்டும். கையை மிக இறுக்கிப் பிடித்து வேகமாக அசைத்தே பழகியவர்களுக்கு முதலில் இது மந்தமாக இருக்கும். பிடியைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைக் கையில் எடுத்ததிலிருந்து உறை அடிவரை போகும்வரை எத்தனை நொடி என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். நான் 40க்கும் மேல் ஆரம்பித்து, இரண்டாவது வாரக் கடைசியில் 15க்கு வந்தேன். 20க்குள் வந்தாலே போதும்.

இந்தப் பயிற்சியில் எனக்கு அதிகம் உதவியது கடைசிப் படி. விறைப்பை வேண்டுமென்றே இறங்கவிடுவது. உறை போட்ட பிறகு கையை எடுத்துவிட்டுச் சும்மா படுத்திருங்கள். இறங்கட்டும். உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவசரப்படாமல் மறுபடி ஆரம்பியுங்கள். விறைப்பு திரும்ப வரும். வந்ததும் புது உறை. இதை நான்கைந்து முறை செய்து பார்த்துவிட்டால், இறங்கினால் எல்லாம் முடிந்தது என்ற பயம் ஆட்டம் காணும். முன்னே சொன்ன அட்ரினலின் பாய்வது அந்தப் பயத்தில்தானே.

இருவராக இருக்கும்போது

ஆரம்பிக்கும் முன்பே இரண்டு மூன்று பாக்கெட்டுகளும் லூப்ரிகன்ட்டும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். விரல் துடைக்க ஒரு சின்னத் துணியும் வேண்டும். எழுந்து போய் அலமாரியில் தேடினால் அதுவே ஒரு நிமிடம். ஒரு பாக்கெட் மட்டும் இருந்தால் 'இதை வீணாக்கிவிடக் கூடாதே' என்ற நெருக்கடி வேறு. பாக்கெட்டை முன்கூட்டியே ஓரத்தில் லேசாகக் கிழித்து வைத்துக்கொள்வதும் உதவும். சில நிமிடம் முன்னால் கிழித்தால் போதும், மணிக்கணக்கில் திறந்து வைத்தால் உறை காய்ந்துவிடும்.

பலர் செய்யும் தவறு, ஆணுறையை உள்ளே செல்வதற்கு முந்தைய மணியடிப்பாக ஆக்கிவிடுவது. எல்லா விளையாட்டும் முடிந்து, துணை காத்திருக்க, இப்போது போட்டாக வேண்டும், போட்டதும் நுழைந்தாக வேண்டும் என்றால் யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். கொஞ்சம் முன்னாலேயே, நல்ல விறைப்பில் இருக்கும்போது போட்டுவிடுங்கள். போட்ட பிறகும் முத்தமும் தொடுதலும் தொடரட்டும். மூன்று நான்கு நிமிடம் கழித்து, இருவருக்கும் தோன்றும்போது உள்ளே போகலாம். உறை போட்டது ஒரு பரீட்சை ஆரம்பம் என்ற எண்ணமே அப்போது எழாது.

போடும் அந்த 15 நொடியிலும் தொடுதல் விட்டுப்போகக் கூடாது. துணையிடமிருந்து விலகி, முட்டி போட்டு எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்து போடுவதைப் பலரும் செய்கிறார்கள். அந்தக் கோலத்தில் நீங்கள் தனியாள். பக்கத்தில் படுத்தபடியோ, துணையின் கால் உங்கள் மேல் இருக்கும்படியோ போட்டுப் பாருங்கள். நீங்கள் நுனியைக் கிள்ளி வைக்கும்போது துணையின் கை தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டிருக்கட்டும். அல்லது துணையே உருட்டிவிடட்டும். அவருக்குத் திசை தெரியாவிட்டால் நீங்கள் சரியாக வைத்துக் கொடுங்கள், மீதி அவர் கை வேலை.

இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லாமல் நடத்த முடியாது. நான் சொன்னது இவ்வளவுதான்: "இதப் போடும்போது எனக்குக் கொஞ்சம் இறங்கிடுது. நீ கைய எடுக்காம இரு." மறுபக்கத்திலிருந்து வந்த பதில், "அட, என்னப் புடிக்கலையோன்னு நெனச்சுட்டிருந்தேன்." நான்கு முறையும் இருவரும் இருட்டில் ஆளுக்கொரு கவலையோடு படுத்திருந்திருக்கிறோம். சொல்வதானால் படுக்கைக்கு முன்பே, உடை மாற்றாத நேரத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்படியும் இறங்கிவிட்டால்

பாதி விறைப்போடு எப்படியாவது உள்ளே தள்ளிவிடலாம் என்று பார்க்காதீர்கள். தொளதொளத்த உறை உள்ளேயே கழன்று நின்றுவிடும். விளிம்பைப் பிடித்துக் கழற்றிப் போட்டுவிட்டு, கையாலோ வாயாலோ துணையை மகிழ்விப்பதில் இறங்குங்கள். பத்து நிமிடம் கீழே கவனிக்கவே வேண்டாம். வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் வராது. வந்தால் புது உறை. தலைகீழாக வைத்துவிட்ட உறையையும் திருப்பிப் போடக் கூடாது. நுனியில் கசிந்த திரவம் ஒட்டியிருக்கும், அதில் நோய்க் கிருமி இருக்கலாம், சில சமயம் விந்தணுவும் இருக்கலாம். இதே காரணத்துக்காகத்தான், முதலில் உறையில்லாமல் ஆரம்பித்து நடுவில் போட்டுக்கொள்ளும் யோசனையும் வேண்டாம் என்கிறேன்.

உள்ளே இருக்கும்போது தளர்ந்தால், உறையின் விளிம்பை அடியில் பிடித்தபடி உடனே வெளியே எடுங்கள். உறை உள்ளே தங்கிவிட்டது, விந்தும் சிந்திவிட்டது என்றால் விரலால் எடுத்துவிடலாம். கர்ப்பம் வேண்டாம் என்றால் அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதற்கான தடுப்பு மருந்துக்கும் கெடு அதே 72 மணி நேரம். ஆனால் அதை மருத்துவர்தான் தொடங்கிவைக்க வேண்டும்.

இரண்டு மூன்று கிளாஸ் குடித்துவிட்டுத் தைரியம் வரும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தைரியம் வரும், விறைப்பு வராது. இந்தப் பயிற்சி நாட்களிலாவது மதுவை விட்டுவைத்துப் பாருங்கள்.

ஆணுறையோடு எப்படியும் ஒத்துவரவில்லை என்றால், பெண்கள் அணியும் உள் உறை ஒன்று இருக்கிறது. அதைத் துணை முன்கூட்டியே உள்ளே பொருத்திக்கொள்ளலாம். ஆணின் விறைப்பு முழுதாக இருந்தாக வேண்டும் என்பதில்லை, நடுவில் நிறுத்த வேண்டிய அந்த அரை நிமிடமே கிடையாது. நுழையும்போது உறைக்கும் உடலுக்கும் இடையே போய்விடாமல் வெளி வளையத்தைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு உறைகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது, உராய்ந்து கிழியும்.

கடைசியாக, ஆரம்பத்தில் தள்ளிவைத்த விஷயம். காலை விறைப்பு சில மாதங்களாகவே வருவதில்லை, சுய இன்பத்தின்போதும் நிற்பதில்லை, ஆணுறை இல்லாவிட்டாலும் இதே நிலைதான் என்றால், ஆணுறையைக் குறை சொல்லிப் பயனில்லை. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் இதைச் செய்யும். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு சில நேரம் அங்கேதான் முதலில் தெரியவரும். மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், அவரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். சில்டெனாபில் போன்ற விறைப்பு மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அது ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.